கனுலா ஏற்றுமுன் பிள்ளைக்கு வாசிக்கத் தைரிய வாசகங்கள்: வன்னிப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்கு ஒப்பரேஷன் என்றதும் நாங்கள் வெட்டையும் தையலையும்தான் நினைக்கிறோம். அந்த இரண்டும் பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை, அப்போது மயக்கத்தில் இருக்கும். பிள்ளை கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க நடக்கிற வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் கனுலா, அதாவது நரம்புக்குள் மருந்து போகிற மெல்லிய குழாய், ஏற்றுவது. வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளை திருப்பித் திருப்பிச் சொல்வது அதைப் பற்றித்தான். அதனால் இங்கே அந்த ஒரு வேலைக்கு மட்டும் வாசகம் தேடுவோம். எதை வாசிப்பது, எதை வாசிக்கக்கூடாது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதுதான் விஷயம்.

ஒட்டுசுட்டானில் ஆறு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். குடலிறக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்து, முதல் நாளே வந்து அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். மாங்குளத்துக்குப் போய், அங்கிருந்து ஏ9 வீதியால் பயணம். அம்மா வாட்டில் கூட நிற்பா, அப்பா பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் உள்ளே வருவார். இந்தப் பையனை வைத்தே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

வாசகத்தைத் தெரிவு செய்வது

இதற்குத்தான் கூட நேரம் எடுக்க வேண்டும். தைரியம் என்றவுடன் எங்கள் வாயில் வருகிற பலவும் ஊசிக்கு முன்னால் உதவாது, சில கெடுதலும் செய்யும்.

"துணிந்தவனுக்குத் தூக்குமேடை பஞ்சு மெத்தை" நல்ல பழமொழிதான். ஆனால் மெத்தை போட்ட தள்ளு கட்டிலில் ஏறப்போகிற பிள்ளைக்குத் தூக்குமேடையை ஏன் காட்ட வேண்டும்? அப்பர் சுவாமிகளின் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" எங்கள் பக்கம் பல பிள்ளைகளுக்குப் பாடமாகவே தெரியும். நமன் யார் என்று ஆறு வயதுப் பையன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இந்த இரண்டு நாளைக்கு அதை விட்டுவிடுங்கள். பாரதியின் "அச்சமில்லை அச்சமில்லை" தாளத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த அடிகளில் வானம் இடிந்து தலையில் விழும். பிள்ளைகள் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். "அஞ்சினவனைக் குஞ்சும் வெருட்டும்" என்பது நேரடிக் கேலி. பயந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு அது பயத்தோடு வெட்கத்தையும் சேர்த்துக் கொடுக்கும், பிறகு பயத்தை வெளியில் சொல்லவும் மாட்டான்.

வீரக் கதைகளிலும் கவனம் வேண்டும். ஒட்டுசுட்டான் பையனுக்குக் கற்சிலைமடுவில் இருக்கும் பண்டாரவன்னியன் நினைவுக் கல் தெரியும். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த கதையும் தெரியும். "பண்டாரவன்னியன் மாதிரி இரு ராசா" என்று சொல்லி அனுப்பினால் அவன் அப்படியே இருப்பான்: மிஸ்ஸியின் கையைத் தட்டிவிடுவான், காலால் உதைப்பான். தைரியம் என்றால் எதிர்ப்பது என்றுதான் அந்தக் கதை பிள்ளைக்குச் சொல்கிறது. கனுலாவுக்குத் தேவை நேர் எதிரானது, ஒரு கை ஒரு நிமிடம் அசையாமல் இருப்பது.

நான் வாசகங்களைச் சலிக்கிற சல்லடை இதுதான். பிள்ளையின் உடம்புக்கு அந்த வாசகம் ஒரு வேலை கொடுக்கிறதா? பயப்படுவதைத் தடை செய்யாமல் விடுகிறதா? ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாமா? "பயப்படாதே" என்பது வேலை அல்ல, அதை எப்படிச் செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. "ஊது" என்பது வேலை. ஊசி போடும்போது பெற்றோர் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்ற ஆறுதல் கூடக்கூடப் பிள்ளையின் பதற்றமும் கூடித்தான் இருக்கிறது. அம்மா இப்படிச் சொல்கிறா என்றால் ஏதோ இருக்கிறது என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும். மூச்சை ஊதச் சொல்வதும் கவனத்தைத் திருப்புவதும் பதற்றத்தைக் குறைக்கின்றன.

இந்தச் சல்லடையில் மிஞ்சுகிறவை கொஞ்சம்தான். திருக்குறளில் ஒன்று, பழமொழியில் ஒன்று, வீட்டில் கட்டிக்கொள்கிற வரிகள் இரண்டு மூன்று. அவ்வளவு போதும். பத்து வாசகம் கொண்டுபோனால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

முதல் நாள் இரவு

எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. மூன்று வயதுக்குள் என்றால் நடக்கப்போகும்போது சொன்னால் போதும். அந்த வயதுக்கு வாசகத்தின் பொருள் போய்ச் சேராது, பழகிய தாலாட்டின் ராகம் போய்ச் சேரும். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முன்னால் சொல்லலாம். ஒரு வாரம் முன்னால் சொன்னால் அந்த வாரம் முழுக்கப் பயப்படும். ஏழுக்கு மேல் என்றால் சில நாட்கள் முன்னதாகவே சொல்லிக் கேள்வி கேட்க விடுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதென்றால் வாசகத்தை அவர்களே தெரிவு செய்து தங்கள் கையெழுத்தில் எழுதட்டும். நீங்கள் வாசித்தால் சிரிப்பார்கள்.

எங்கள் பையனுக்கு ஆறு வயது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, பாயில் படுத்துக்கொண்டு. முதலில் நடப்பதை அப்படியே சொல்ல வேண்டும். கையில் ஒரு பட்டி கட்டுவார்கள், இறுக்கமாக இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார்கள், குளிரும், மணக்கும். பிறகு ஊசி குத்தும், கொஞ்சம் நோகும். ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும் உள்ளே நிற்கும். அதன் மேல் பிளாஸ்டர் ஒட்டுவார்கள். ஊசி கைக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக் கையை மடக்கவே பயப்படுகிற பிள்ளைகள் நிறைய. அந்த ஒரு தகவலே பாதிப் பயத்தை எடுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லுங்கள்: சில நேரம் நரம்பு அகப்படாது, இரண்டாம் தரமும் குத்துவார்கள். "ஒரே ஒருக்கா மட்டும்தான்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிறு பிள்ளைகளின் கையில், அதுவும் பட்டினி கிடந்த கையில், முதல் தரமே நரம்பு கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு குறள். 428 ஆவது குறளின் முதல் மூன்று சொல்:

"அஞ்சுவ தஞ்சாமை பேதைமை."

பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது முட்டாள்தனம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்றால் பிள்ளைக்கு ஆச்சரியமாக இருக்கும். முழுக் குறளும் வேண்டாம், இந்த மூன்று சொல் போதும். வாசித்துவிட்டு இப்படிச் சொல்லலாம்: "ஊசி எண்டால் ஆருக்கும் பயம்தான் அப்பன். அப்பாவுக்கும் பயம். பயம் வந்தால் அம்மாட்டைச் சொல்லு, சரியே?" அப்பா உண்மையிலேயே பக்கத்தில் இருந்து தலையாட்டினால் நல்லது. ஆண் பிள்ளைக்குப் பயமில்லை என்கிற பேச்சை அந்த வீட்டில் அன்றைக்கு யாரும், அம்மம்மா உட்பட, எடுக்கக்கூடாது. "குழப்படி செய்தால் டொக்டர் ஊசி போடுவார்" என்று அதுவரை வெருட்டி வைத்திருந்தால், அது விளையாட்டுக்குச் சொன்னது என்று அன்றிரவே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை இதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது இந்த வழிகாட்டியின் முக்கியமான வரி. இது பழமொழி அல்ல, வீட்டு வரி:

"வாய் அழட்டும், கை இருக்கட்டும்."

அழுவதற்கு அனுமதி, கைக்கு ஒரு வேலை, இரண்டும் இதில் இருக்கின்றன. பாயில் படுத்தபடியே ஒத்திகை பாருங்கள். பிள்ளை கையை நீட்ட, நீங்கள் புறங்கையில் மெல்ல நுள்ளி, இருவரும் சேர்ந்து வரியைச் சொல்லுங்கள். அடுத்து அவன் உங்களுக்கு நுள்ளட்டும், நீங்கள் பொய்யாகக் கத்துங்கள், கையை மட்டும் அசைக்காதீர்கள். சிரிப்பான். இரண்டு மூன்று தரம் போதும், இதையே பெரிய பாடமாக்க வேண்டாம்.

வரிகளை ஒரு கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, நாலாக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். கைபேசியை நம்பிப் போகாதீர்கள், சார்ஜ் இறங்கிய நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

வாசிக்கிற குரல்

இன்றைக்கு ஆறு வயதுப் பிள்ளை வைத்திருக்கும் வன்னித் தாய் தகப்பன் பலர் 2009 இல் தாங்களே பிள்ளைகள். ஆஸ்பத்திரி வாசனை அவர்களுக்கு நினைவுபடுத்துவது வேறு. பிள்ளைக்கு வாசிக்கத் தொடங்கியதும் தன் குரல் நடுங்குவது ஏன் என்று ஒரு அம்மாவுக்கே விளங்காமல் இருக்கலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளை சொல்லைக் கேட்பதற்கு முன் குரலைக் கேட்கும்.

ஆகவே தனியாக, கிணற்றடியிலோ குசினியிலோ, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மூச்சு எடுங்கள், வழமையாகப் பேசுவதை விட மெதுவாக, தாழ்ந்த குரலில். அப்படியும் தொண்டை அடைத்தால் வாசிக்கிற வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். மாமாவோ சித்தியோ அப்பப்பாவோ ஒரு நிமிடக் குரல் பதிவு செய்து தரலாம். வாட்டுக்குள் வர முடியாத அப்பாவுக்கும் அதுதான் வழி. நீங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், அது போதும்.

பஸ்ஸிலும் வாட்டிலும் காத்திருக்கிற நேரம்

போகிற வழியில் தைரியப் பேச்சு வேண்டாம். கதை சொல்லலாம். பரந்தன் தாண்டி ஆனையிறவுப் பலகை வரும்போது அப்பரும் யானையும் கதைக்கு நல்ல இடம். பல்லவ அரசன் அப்பரை மிதிக்க யானையை அனுப்பினான். அவர் ஓடவில்லை, நின்று பாடினார்: "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை." யானை அவரைச் சுற்றி வந்து வணங்கிவிட்டுப் போய்விட்டது. இரவில் வாழைத் தோட்டத்துக்கு யானை வந்தால் என்ன நடக்கும் என்று அறிந்த பிள்ளைக்கு இந்தக் கதை வேறு மாதிரி விளங்கும். "அவர் ஏன் வெடி கொளுத்தேல்லை?" என்றும் கேட்பான். கேட்கட்டும். ஆனால் இந்த வரியை ஊசி நேரத்தில் சொல்லாதீர்கள். அஞ்ச வருவது ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது மிஸ்ஸி தட்டோடு வந்து நிற்பா.

வாட்டில் பெரிய பிரச்சினை பசி. மயக்க மருந்துக்கு முன் பொதுவாக ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை, தெளிந்த தண்ணீர் இரண்டு மணித்தியாலம் முன்பு வரை கொடுக்கலாம் என்பது வழமை. உங்கள் வாட்டில் என்ன நேரம் சொல்கிறார்களோ அதுதான் கணக்கு. தண்ணீர் கொடுக்கலாம் என்ற நேரம் முடியும் வரை மறக்காமல் கொடுங்கள், நரம்பு அகப்படவும் அது உதவும். கை குளிர்ந்திருந்தால் உங்கள் கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

இந்த நேரத்தில் மிஸ்ஸியிடம் மூன்று விடயம் கேட்டுக்கொள்ளுங்கள். கனுலா வாட்டிலேயே ஏற்றுவார்களா, அல்லது தியேட்டரில் முகமூடியால் மயக்கிய பிறகா? பிந்தியது என்றால் ஊசிக்கான வாசகமே தேவைப்படாது, ஊதுகிற பழக்கம் மட்டும் முகமூடிக்கு உதவும். தோலை மரக்கச் செய்யும் கிறீம் இருக்கிறதா? இருந்தால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் முன்பே பூச வேண்டும். எல்லா இடத்திலும் இருக்காது, கேட்பதில் நட்டமில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே ஏற்றலாமா? கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் அமத்துவதுதான் பிள்ளைக்கு ஊசியை விடப் பயங்கரம்.

டொக்டரோ மிஸ்ஸியோ சிங்களம் மட்டும் பேசுகிறவராக இருக்கலாம். "ரிதெனவா" என்றால் நோகுது, "பொட்டக் இன்ன" என்றால் கொஞ்சம் பொறுங்கோ. இந்த இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் நோ என்பதைத் தானே சொல்ல முடியும். அதுவும் ஒரு தைரியம்தான்.

ஊசி நேரம்

பிள்ளையை மடியில், உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி, கால்கள் இரண்டு பக்கமும் தொங்க உட்கார வையுங்கள். ஊசி போடுகிற கை உங்கள் கக்கத்துக்குக் கீழால் பின்னுக்கு நீண்டிருக்கும். பார்க்க விரும்பும் பிள்ளை என்றால் பக்கவாட்டில் உட்காரட்டும். சில பிள்ளைகளுக்குப் பார்க்காவிட்டால்தான் பயம். எந்தக் கை என்று கேட்க இடம் இருந்தால் கேளுங்கள். "ஊசி போடுவமோ?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றால் அதை உங்களால் நிறைவேற்ற முடியாது.

பட்டி கட்டும்போது பழமொழி: "பதறாத காரியம் சிதறாது." ஒரு தரம், மெதுவாக. இது பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும்.

ஸ்பிரிட் பஞ்சு படும்போது: "வாய் அழட்டும், கை இருக்கட்டும்."

குத்துகிற கணத்தில் வாசகம் எதுவும் இல்லை. "ஊது" மட்டும். பிறந்தநாள் மெழுகுதிரி அணைப்பது போல நீளமாக, உங்கள் முகத்தை நோக்கி. நீங்களும் சேர்ந்து ஊதுங்கள். ஊது, ஊது, ஊது. பிளாஸ்டர் ஒட்டும் வரை இது போகும்.

இதை ஒரே ஒரு குரல் சொல்ல வேண்டும். அம்மா ஒரு பக்கம், பெரியம்மா ஒரு பக்கம், பக்கத்துக் கட்டில் ஆச்சி ஒரு பக்கம் என்று எல்லோரும் தைரியம் சொன்னால் பிள்ளைக்குச் சத்தம்தான் கேட்கும். மிஸ்ஸி நன்றாகப் பேசுகிறவ என்றால் அவவிடமே விட்டுவிட்டு நீங்கள் ஊதுங்கள்.

வாசகம் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்கலாம். பிள்ளை மூச்சை அடக்கிக்கொள்ளும், தோள் விறைக்கும், உங்கள் வாயைப் பார்க்காமல் தட்டையே பார்க்கும், "ஏன், ஏன்" என்று ஒரே கேள்வியைக் கேட்கும். அப்போது இன்னும் பலமாக வாசிப்பதுதான் நாங்கள் எல்லோரும் செய்கிற தவறு. நிறுத்துங்கள். சொல் வேண்டாம், முதுகில் கை வைத்து நீங்கள் மட்டும் சத்தமாக ஊதுங்கள். பல பிள்ளைகள் கொஞ்சத்தில் அந்த மூச்சோடு சேர்ந்துவிடுவார்கள். "வாசிக்க வேண்டாம்" என்று வாய் திறந்தே சொன்னால் தாளை மடித்து உள்ளே வையுங்கள். முதல் குத்துத் தவறி, பிள்ளை உதறத் தொடங்கினால், அவசரம் இல்லாத வேலை என்றால் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் பொறுப்பார்கள். அந்த நிமிடத்தில் சொல்ல வேண்டியது: "இரண்டாம் தரம் வரலாம் எண்டு அம்மா சொன்னனான், ஞாபகமே? கை நல்லா இருந்தது. திரும்ப ஊதுவம்." அவசரமாக ஏற்ற வேண்டியிருந்தால், விபத்து, கடுங்காய்ச்சல் என்று, இந்த வழிகாட்டியில் "ஊது" மட்டும் மிஞ்சும்.

தியேட்டர் வாசல்

பெரும்பாலும் அம்மா வாசலோடு நிற்க வேண்டும். "அம்மா உன்னோடையே இருப்பன்" என்று இரவு சொல்லியிருந்தால் இங்கே அது பொய்யாகிவிடும், பிறகு மற்ற எல்லா வரியும் செல்லாது. ஆகவே முதலிலிருந்தே சொல்வது: "அம்மா இந்தக் கதவடியில நிப்பன். கண் முழிச்ச பிறகு அம்மாட்டைக் கொண்டு வருவினம்."

வீட்டில் பழகிய தெய்வ வாசகத்துக்கு இதுதான் இடம். முருகன் படத்துக்குக் கீழே தினமும் பார்த்த "யாமிருக்கப் பயமேன்" சைவப் பிள்ளைக்குப் போதும். மடுமாதா வீட்டுப் பிள்ளைக்கு ஏசாயாவின் வரி இருக்கிறது: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." முஸ்லிம் பிள்ளை பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டே போகும். அன்றைக்குப் புதிதாக ஒரு மந்திரம் பழக்காதீர்கள். பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்தது மட்டும்தான் அங்கே நிற்கும்.

அன்று மாலையும் அடுத்த கிளினிக்கும்

மயக்கம் தெளிந்து, ஏதாவது குடித்து, பிள்ளை பேசத் தொடங்கியதும் நடந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். "கெட்டிக்காரன், வீரன்" என்ற பொதுப் புகழ்ச்சி வேண்டாம். அவன் செய்ததைச் சொல்லுங்கள்: "முதல் குத்து சரிவரேல்லை. நீ அழுதனி. ஆனால் கையை அசைக்கேல்லை. இரண்டாந்தரம் நீட்டு நீட்டா ஊதினாய்." அழுததை மறைக்காதீர்கள், அழுததோடு சேர்த்தே சொல்லுங்கள். அடுத்த ஊசிக்கு அவன் எடுத்துக்கொண்டு போவது இப்படிச் சொல்லிவைத்த நினைவைத்தான். நோ பெரிதாக நினைவில் நின்றால் அடுத்த முறை பயமும் கூடும். முடிக்கும்போது இன்னொரு வீட்டு வரியைச் சேர்ந்து வாசிக்கலாம்: "வந்த நோ போச்சு, நான் இருக்கிறன்."

இன்னும் நோகிறது என்றால் அந்த வரி வேண்டாம், மிஸ்ஸியிடம் நோவுக்கு மருந்து கேளுங்கள். கை வீங்கினாலோ, கனுலா இருக்கும் இடம் சிவந்து நொந்தாலோ உடனே காட்டுங்கள்.

தாளை எறிய வேண்டாம். காயம் காட்ட மறுபடி கிளினிக் போகும்போது பிளாஸ்டர் உரிக்கிற வேலை இருக்கும். அதற்கும் "வாய் அழட்டும், கை இருக்கட்டும்" பொருந்தும், ஆனால் இந்த முறை உரிக்கிற கை அவனுடையதாக இருக்கலாமா என்று மிஸ்ஸியிடம் கேட்டுப் பாருங்கள்.